அஸ்திவாரக் குழியில் எவ்வளவு மண் வரும், எத்தனை லோடு போகும்: பெங்களூரு 30-க்கு 40 சைட்டில் ஒரு முழுக் கணக்கு

அல்சூரில் எங்கள் தெருக்காரர் ஒருவர் ஆனேக்கல் பக்கம் 30-க்கு 40 சைட் வாங்கி வீடு கட்டத் தொடங்கினார். மேஸ்திரி திருவண்ணாமலைக்காரர். பூமி பூஜை முடிந்த மறுநாள் என்னைக் கூப்பிட்டார்கள். "அண்ணா, மண்ணை அள்ளிக்கொண்டு போகிறவர் 20 லோடு என்கிறார். நான் குழியைக் கணக்குப் போட்டால் 16தான் வருகிறது. நாலு லோடு காசு எங்கே போகிறது?" என்று வீட்டுக்காரர் கேட்டார். ஏமாற்று எதுவும் இல்லை, இரண்டு கணக்குமே சரிதான். ஆனால் மண்ணை அத்தனை லோடு அள்ளி அனுப்பவே தேவையில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அன்று அவர்கள் வீட்டுக்குப் போட்ட கணக்கை அப்படியே இங்கே தருகிறேன். உங்கள் பிளானுக்கு அளவுகளை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

முதலில் ஒன்று மனதில் பதிய வேண்டும். ஒரே மண்ணுக்கு மூன்று அளவு உண்டு. தரையில் கிடக்கும்போது ஒரு அளவு. தோண்டி வெளியே போட்டதும் அது உப்பி அதிகமாகும். திருப்பிக் கொட்டித் தண்ணீர் விட்டு இடித்தால் அமுங்கி, தரையில் இருந்ததைவிடக் கொஞ்சம் குறைந்தும் போகும். எடை மட்டும் மாறாது. எந்த இடத்தில் எந்த அளவைப் பிடிக்கிறோம் என்பதில்தான் சண்டை எல்லாம் வருகிறது.

1. குழியின் நீளத்தைச் சரியாக எடுப்பது

இது சைஸ் கல் அஸ்திவாரம், சுவரே பாரம் தாங்கும் வீடு. தூண் வைத்துக் கட்டும் வீட்டுக்குக் குழிகள் தனித்தனியாக இருக்கும், கணக்கும் எளிது: ஒவ்வொன்றுக்கும் நீளம், அகலம், ஆழத்தைப் பெருக்கிக் கூட்டினால் முடிந்தது. சுவர் முழுக்கத் தொடர்ச்சியாக ஓடும் குழியில்தான் தப்பு நடக்கிறது.

பிளான் இதுதான். வெளிச்சுவர்களின் மையத்திலிருந்து மையம் வரை அகலம் 22 அடி, நீளம் 30 அடி. முன்பக்கத்திலிருந்து 12 அடி தள்ளிக் குறுக்கே ஒரு சுவர், 22 அடி. அந்தக் குறுக்குச் சுவரின் நடுவிலிருந்து பின்சுவர் வரை இன்னொரு சுவர், 18 அடி. ஆக முன்னே ஒரு ஹால், பின்னே இரண்டு அறைகள். குழி அகலம் 3 அடி, ஆழம் 4 அடி.

நூல் கட்டி மையக்கோடு போட்டிருப்பார்கள் இல்லையா, அந்தக் கோட்டையே அளவுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். வெளிச்சுற்று 22, 30, 22, 30 சேர்ந்து 104 அடி. குறுக்குச் சுவர் 22, நடுச்சுவர் 18. மொத்தம் 144 அடி.

இப்போது கழிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. குறுக்குச் சுவரின் மையக்கோடு வெளிச்சுவரின் நடுவில் தொடங்குகிறது. ஆனால் அந்த இடத்தில் வெளிச்சுவரின் குழி ஏற்கெனவே தோண்டப்பட்டு, மையத்திலிருந்து உள்பக்கமாக ஒன்றரை அடி வந்துவிட்டது. அந்த ஒன்றரை அடியை மறுபடி எண்ணினால் இல்லாத மண்ணுக்குக் கணக்கு எழுதியதாகும். அதனால் ஒரு சுவர் இன்னொன்றில் போய் முட்டும் ஒவ்வொரு இடத்திலும் குழி அகலத்தில் பாதியைக் கழிக்க வேண்டும். நம் பிளானில் குறுக்குச் சுவருக்கு இரண்டு முட்டு, நடுச்சுவருக்கு இரண்டு முட்டு. நான்கு முட்டுக்கு 6 அடி போக, நிகர நீளம் 138 அடி.

வீட்டின் நான்கு மூலைகளிலும் எதையும் கழிக்கக் கூடாது. அங்கே உள்பக்கம் இரண்டு தடவை எண்ணப்படும் மண்ணும், வெளிப்பக்கம் விட்டுப்போகும் மண்ணும் சமமாக ஈடாகிவிடும். நம்பிக்கை இல்லையென்றால் துண்டு துண்டாகக் கூட்டிப் பாருங்கள். நீளப் பக்கக் குழிகள் வெளி முனை வரை 33 அடி, இரண்டுக்கு 66. அவற்றுக்கு நடுவில் அடங்கும் குழிகள் 19 அடி, இரண்டுக்கு 38. குறுக்கே 19, நடுவே 15. கூட்டினால் அதே 138.

138 × 3 × 4 = 1656 கன அடி. மீட்டர் கணக்கில் கிட்டத்தட்ட 46.9 கன மீட்டர் (ஒரு கன மீட்டருக்கு 35.3 கன அடி). குழியின் வெளி விளிம்பைச் சுற்றி டேப் பிடித்து, அதோடு உள்சுவர்களைக் கழிக்காமல் சேர்த்தால் 156 அடி வரும், 1872 கன அடி. 216 கன அடி அதிகம். இந்தத் தப்பை நான் பில்லிலேயே பார்த்திருக்கிறேன்.

2. ஆழம் எங்கிருந்து எங்கே

பெங்களூருவில் சமதளமான சைட் கிடைப்பது அபூர்வம். முன்பக்கம் ரோடு உயரம், பின்பக்கம் ஒரு அடி இறக்கம் என்றுதான் பெரும்பாலும் இருக்கும். குழியின் அடி மட்டமாக இருந்து மேல்தரை சாய்ந்திருந்தால் ஒவ்வொரு இடத்திலும் ஆழம் வேறு. தோண்டத் தொடங்குவதற்கு முன்பே, நான்கு மூலைகளிலும் சுவர்கள் முட்டும் இடங்களிலும் தரை மட்டத்தை லெவல் டியூப் வைத்து எடுத்து, பக்கத்து வீட்டுச் சுவர் போல நகராத ஒன்றில் ஒரு குறி போட்டு எழுதி வையுங்கள். ஒவ்வொரு சுவருக்கும் அதன் இரண்டு முனை ஆழங்களின் சராசரியைப் போட்டால் போதும். தோண்டி மண்ணைக் கரையில் குவித்த பிறகு பழைய தரை எது என்று யாராலும் சொல்ல முடியாது. குவியலின் மேலிருந்து டேப் விட்டு "அஞ்சு அடி" என்பவர்களிடம் வாதாடக் கையில் எதுவும் இருக்காது. இந்த சைட் ஏறக்குறைய மட்டமாக இருந்ததால் 4 அடியே எல்லா இடத்துக்கும் பொருந்தியது.

ஜேசிபி வைத்துத் தோண்டினால் இன்னொரு விஷயம். கையால் வெட்டும் குழி நூலுக்குள் நிற்கும். ஜேசிபி பக்கெட் கரையை உரசி இரண்டு பக்கமும் மூன்று அங்குலமாவது கூடுதலாக எடுத்துவிடும். 3 அடி மூன்றரை அடியானால் நம் 1656 கன அடி 1918 ஆகிறது. அதனால் நான் ஜேசிபியை ஒரு சாண் குறைவாக நிறுத்தச் சொல்லி, கடைசி அளவைக் கடப்பாரையும் மண்வெட்டியும் வைத்துச் சீவி எடுக்கச் சொல்வேன். ஆழம் தப்பித் தவறி அதிகமாகப் போய்விட்டால் அந்தப் பள்ளத்தை மண் போட்டு நிரப்ப விடாதீர்கள். கலைந்த மண் மேல் அஸ்திவாரம் உட்கார்ந்தால் சுவர் அந்த இடத்தில் இறங்கும். கூடுதல் ஆழத்தைக் கான்கிரீட்டால்தான் நிரப்ப வேண்டும்.

3. மண் எவ்வளவு உப்பும்

தரையில் இருக்கும் மண் வருஷக்கணக்காக மேல் மண்ணின் பாரத்திலும் மழையிலும் இறுகிக் கிடக்கிறது. வெட்டியதும் கட்டி கட்டியாக உடைகிறது. கட்டிக்கும் கட்டிக்கும் நடுவில் காற்று புகுந்துகொள்கிறது. அதனால்தான் குழியிலிருந்து எடுத்த மண்ணை அதே குழியில் சும்மா கொட்டினால் மேலே மேடு கட்டி நிற்கிறது.

எவ்வளவு உப்பும் என்பது மண்ணைப் பொறுத்தது. மணல் 10 முதல் 15 சதவீதம். சாதாரண மண், பெங்களூரு செம்மண் மாதிரி, 20 முதல் 30. களிமண் 30 முதல் 40. பாறையை உடைத்தால் 50 சதவீதமும் அதற்கு மேலும் போகும். இந்த ஊரில் ஒரே தெருவில்கூட மண் மாறும். பழைய ஏரிப் பக்கம் வாங்கிய சைட்டில் மேலே கொட்டிய மண்ணும் கட்டட இடிபாடும், கீழே கருப்புச் சேறும் இருக்கும்.

ஒரு வார்த்தைக் குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். கரிசல் மண் மழையில் உப்பி வெயிலில் வெடிப்பதையும் "மண் உப்புகிறது" என்றுதான் சொல்கிறோம். அது ஈரத்தை உறிஞ்சி மண்ணே விரிவது. இங்கே பேசுவது தோண்டுவதால் இடைவெளி கூடுவதை மட்டும்.

சைட்டிலேயே அளந்து பார்த்துவிடுவதுதான் எனக்குப் பிடித்த வழி, அரை மணி நேரம்கூட ஆகாது. ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டுங்கள். எடுத்த மண்ணில் ஒரு கைப்பிடிகூட விடாமல் பிளாஸ்டிக் ஷீட்டில் சேர்த்து வையுங்கள். குழி சரியாக ஒரு கன அடியாக வராது, வர வேண்டியதும் இல்லை. மெல்லிய பிளாஸ்டிக் தாளைக் குழிக்குள் ஒட்டினாற்போல விரித்து, அளந்து தண்ணீர் ஊற்றி விளிம்பு வரை நிரப்புங்கள். ஊற்றிய தண்ணீர்தான் குழியின் உண்மையான கொள்ளளவு. அப்புறம் அந்த மண்ணை 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட்டில், அழுத்தாமல் தட்டாமல் சட்டியால் கொட்டி அளங்கள்.

நாங்கள் வெட்டிய குழியில் 30 லிட்டர் தண்ணீர் பிடித்தது. மண் ஒரு முழு பக்கெட்டும், அடுத்ததில் பதினேழரை லிட்டரும் வந்தது. 37.5-ஐ 30-ஆல் வகுத்தால் 1.25. அதாவது 25 சதவீதம் உப்புகிறது. மேல்மண்ணில் மட்டும் செய்துவிட்டு நிறுத்தாமல் இரண்டு மூன்று அடி ஆழத்திலும் ஒருமுறை செய்யுங்கள். கீழே இறுக்கமாக இருந்தால் எண் கூடும்.

1656 × 1.25 = 2070 கன அடி. குழியில் இருந்த மண் கரைக்கு வந்ததும் இவ்வளவு இடம் கேட்கும்.

திருப்பிக் கணக்குப் போடும்போது ஒரு வழுக்கல் உண்டு. குவியல் 2070 என்றால் குழி எவ்வளவு? பலர் 2070-இல் 25 சதவீதத்தைக் கழித்து 1552 என்கிறார்கள். அது தப்பு. 25 சதவீதம் குழி மண்ணின் மேல் கூடியது, குவியலின் மேல் அல்ல. 1.25-ஆல் வகுக்க வேண்டும், 1656 வரும்.

4. வண்டிக் கணக்கு

லோடு என்பது அளவே இல்லை. வண்டிக்கு வண்டி மாறும். டிராக்டர் டிரெய்லரின் உள்பக்கத்தை நீங்களே டேப் பிடித்து அளங்கள். அன்று வந்த வண்டி 10 அடி நீளம், 6 அடி அகலம், ஒன்றே முக்கால் அடி உயரம், 105 கன அடி. மேலே கூம்பாகக் குவித்தால் கொஞ்சம் கூடும், ஆனால் ரோட்டில் சிந்திக்கொண்டே போகும். பலகை மட்டத்துக்கு நிரப்புவதையே கணக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வீட்டுக்காரரின் சந்தேகத்துக்கு வருவோம். 1656-ஐ 105-ஆல் வகுத்தால் 15.8, அவர் சொன்ன 16 லோடு. 2070-ஐ வகுத்தால் 19.7, வண்டிக்காரர் சொன்ன 20. வண்டியில் ஏறுவது உப்பிய மண், அதனால் லோடு விஷயத்தில் வண்டிக்காரர் சொன்னதே சரி.

இதே இடத்தில்தான் ஏமாற்றும் நடக்கிறது. சில வருஷங்களுக்கு முன் இன்னொரு வீட்டில், தோண்டுகிற கூலியையே லோடு எண்ணிக்கையை வைத்து ஒரு ஒப்பந்தக்காரர் என்னிடம் வாங்கிவிட்டார். தோண்டாத கால் பங்கு மண்ணுக்கு அதிகமாகக் கூலி கொடுத்தேன். தோண்டும் கூலிக்குக் குழி அளவு, ஏற்றிப் போகும் கூலிக்கு வண்டி அளவு என்று பேசும்போதே எழுதி வாங்கிவிடுங்கள். அரசாங்க வேலைகளில் பின்பற்றும் ஐ.எஸ். 1200 அளவு விதிகளிலும் தோண்டுவதற்குக் குழியின் அளவுதான் அடிப்படை.

எடையையும் பார்க்க வேண்டும். தரையில் இறுகிய செம்மண் கன மீட்டருக்கு ஏறக்குறைய ஒன்றே முக்கால் டன். உப்பியதும் 1.4 டன். 105 கன அடி வண்டியில் நான்கு டன்னுக்கு மேல் ஏறுகிறது. மழையில் நனைந்த மண் என்றால் இன்னும் கூடும். அதே வண்டியில் பலகை வைத்து உயர்த்தி "லோடு குறையும்" என்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

5. அனுப்பும் முன் திரும்ப எவ்வளவு வேண்டும் என்று பாருங்கள்

நான் போன காலையில் டிராக்டர் வாசலில் நின்றது. கேட்டேன், "பேஸ்மட்டம் எத்தனை அடி?" மேஸ்திரி, "தரையிலிருந்து ரெண்டு அடிங்க" என்றார். "அதை எதால் நிரப்பப்போகிறீர்கள்?" "மண் வாங்கித்தான்." எடுத்து அனுப்புவதற்கு ஒரு காசு, அதே செம்மண்ணைத் திரும்ப வாங்க ஒரு காசு!

எவ்வளவு வேண்டும் என்று உட்கார்ந்து போட்டோம். குழிக்குள் முதலில் அரை அடி கான்கிரீட் மெத்தை, முழு 3 அடி அகலத்துக்கு: 207 கன அடி. அதன் மேல் இரண்டரை அடி அகலத்தில் ஒன்றரை அடி உயரக் கல்கட்டு. அகலம் குறைந்ததால் முட்டுகளில் கழிப்பதும் குறையும், நீளம் 139 அடி, 521 கன அடி. அதற்கு மேல் 2 அடி அகலம், 2 அடி உயரம், நீளம் 140, 560 கன அடி. ஆக 1288 கன அடியைக் கான்கிரீட்டும் கல்லும் பிடித்துக்கொள்கின்றன. 1656-இல் மீதி 368 கன அடி, கல்கட்டின் இரண்டு பக்கமும் மண் போட்டு இடிக்க வேண்டிய இடம்.

பேஸ்மட்டத்தில் 2 அடியில் மேல் அரை அடி தரைக் கான்கிரீட்டுக்கும் டைல்ஸுக்கும் போய்விடும். ஒன்றரை அடி மண் நிரப்ப வேண்டும். தரைக்கு மேல் கல்கட்டு ஒன்றரை அடி அகலம் என்பதால் ஹாலின் உள்பரப்பு 215 சதுர அடி, இரண்டு அறைகளும் சேர்ந்து 313 சதுர அடி, மொத்தம் ஏறக்குறைய 529. ஒன்றரையால் பெருக்கினால் 793 கன அடி. இரண்டும் சேர்ந்து 1161 கன அடி, இடித்து இறுகிய அளவில்.

இங்கேதான் மூன்றாவது அளவு வருகிறது. ஒன்பது அங்குலத்துக்கு மேல் தடிமன் இல்லாமல் அடுக்கடுக்காகக் கொட்டி, தண்ணீர் தெளித்து, திமிசு போட்டு நன்றாக இடித்தால் மண் தரையில் இருந்ததைவிடப் பத்தில் ஒரு பங்கு சுருங்கும் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். 1161-ஐ 0.9-ஆல் வகுத்தால் 1290. குழி மண்ணில் 1290 கன அடியை நிறுத்திவைக்க வேண்டும். கரையில் அது 1612 கன அடிக் குவியல்.

மிச்சம் 366 கன அடி. அதில் எதை அனுப்புவது? மேல் அரை அடி மண்ணில் வேரும் குப்பையும் இருக்கும், நிரப்ப ஆகாது. மக்கிப் போகும்போது தரை உள்வாங்கும். அது மட்டும் 207 கன அடி, அதை முதலில் தனியாக வெட்டி ஏற்றினால் மூன்று லோடு. மீதி 159 இரண்டு லோடு. மொத்தம் ஐந்தே லோடு! எல்லாவற்றையும் அனுப்பிவிட்டுத் திரும்ப வாங்கியிருந்தால் போக 20, வர 16, ஆக 36 லோடு. (களிமண்ணும் கரிசலும் வந்தால் இந்தக் கணக்கு செல்லாது. அதைப் பேஸ்மட்டத்துக்குள் போடவே கூடாது, அனுப்பிவிட்டு வேறு மண் வாங்கத்தான் வேண்டும்.)

6. குவியலை எங்கே வைப்பது

30-க்கு 40 சைட்டில் இதுதான் நிஜமான தலைவலி. குழிகளுக்கு நடுவில் அறைகளின் இடம் மொத்தம் 411 சதுர அடிதான். அதிலும் கரையிலிருந்து குறைந்தது இரண்டு அடி தள்ளித்தான் மண் போட வேண்டும், நான்கடிக் குழியின் ஓரத்தில் பாரம் ஏறினால் கரை சரியும். அப்படி விட்டால் மிஞ்சுவது 163 சதுர அடி. 1612 கன அடிக்கு அது எந்த மூலைக்கு? பக்கத்துச் சைட் காலியாக இருந்தது. உரிமையாளரிடம் வீட்டுக்காரர் நேரில் போய்க் கேட்டு, 20-க்கு 30 அடி இடத்தில் சராசரி இரண்டே முக்கால் அடி உயரத்துக்குக் குவித்தோம். காலி சைட் தானே என்று கேட்காமல் கொட்டுவது வேண்டாம். அதே மாதிரி ஏற்றி அனுப்பும் லோடு எங்கே போகிறது என்று டிரைவரிடம் கேளுங்கள். ராஜகாலுவே என்கிற பெரிய மழைநீர்க் கால்வாயிலோ ஏரிக் கரையிலோ கொட்டினால் மழைத் தண்ணீர் அடுத்த தெருவுக்குள் வரும்.

குவியலைத் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். மழையில் நனைந்த குவியல் அமுங்கிச் சின்னதாகத் தெரியும். ஒரு மாதம் கழித்து அதை அளந்து 1.25-ஆல் வகுத்தால் மண் காணாமல் போனது போல இருக்கும். குவியலை அளப்பதாக இருந்தால் தோண்டிய அன்றே அளக்க வேண்டும்.

வேலை முடிந்தபோது மேல்மண் மூன்று லோடும் செம்மண் இரண்டு லோடும் போயிருந்தன. பேஸ்மட்டம் நிரம்பியபின் பக்கத்துச் சைட்டில் ஏழெட்டுச் சட்டி மண் மிஞ்சியது. அதை வாசலில் செடி வைக்க வீட்டம்மா எடுத்துக்கொண்டார், இடத்தைக் கூட்டிச் சுத்தமாகத் திருப்பிக் கொடுத்தோம்.